மூன்று மாவுக்கு இருபத்து நான்கு கிலோ

திருவையாற்றுப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். விகிதசமப் பாடம் வரும் முதல் பருவத்தில் வயல்களில் குறுவை வேலை நடப்பதால், “3 மா நிலத்துக்கு 24 கிலோ விதைநெல் என்றால் 5 மாவுக்கு எவ்வளவு?” என்று கரும்பலகையில் எழுதித் தொடங்குவேன்.

முன்பெல்லாம் விரைவாக முடிப்பவர்களுக்கு அதே வகையில் இன்னும் பத்துக் கணக்குகளும், திணறுபவர்களுக்குப் பெருக்கல் பயிற்சியும் கொடுத்தேன். முன்னவர்கள் சலித்துப் போனார்கள். பின்னவர்கள் விகிதம் என்ற கருத்தைத் தொடாமலே பாடவேளையைக் கழித்தார்கள். அந்தத் தவறு என்னுடையது.

இப்போது கேள்வி எல்லோருக்கும் ஒன்றே. முதல் ஐந்து நிமிடங்களில் ஒவ்வொருவரும் தாள்துண்டில் விடை எழுதித் தர, அன்றைய வேலையை அந்த விடையைப் பார்த்தே பிரிக்கிறேன். சிலர் 40 என்றும், சிலர் 26 என்றும் எழுதுவார்கள். சிலர் வெறுந்தாள் தருவார்கள். 26 எழுதிய பிள்ளைக்குக் கூட்டல் நன்றாகவே வரும். மா இரண்டு கூடியதால் கிலோவும் இரண்டு கூடும் என்று அது நினைக்கிறது. ஆகவே, வெறுந்தாள் தந்த பிள்ளைக்கும் இதற்கும் ஒரே உதவியைக் கொடுப்பதில் பயனில்லை.

வெறுந்தாள் தந்தவர்களுக்கு 3, 6, 1, 5 என்று மாக்கள் எழுதி, 24 மட்டும் நிரப்பிய அட்டவணை. 26 எழுதியவர்களுக்கு, பக்கத்துப் பக்கத்தில் 3 மா வயல்கள் இரண்டு வரைந்த படம்: ஒவ்வொன்றுக்கும் 24 கிலோ என்றால் 6 மாவுக்கு 48 ஆகிறது, அவர்கள் வழியிலோ 27 வருகிறது, இந்த முரணை அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். 40 எழுதியவர்களுக்கு, “40 என்ற விடையைச் சொல்லாமல், 26 ஏன் தவறு என்று காட்டு” என்பதும், “30 கிலோ விதைநெல் எத்தனை மா, எத்தனை குழிக்கு வரும்?” என்பதும். நூறு குழி ஒரு மா என்பதால் 3 மா 75 குழி என்று வரும், 3.75 மாவோடு நிற்கும் பிள்ளை முக்கால் மா எத்தனை குழி என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

அட்டவணையில் ஒரு ஆபத்தும் உண்டு. 1 மாவுக்கு 8 கிலோ என்று கண்டதும் சில பிள்ளைகள் எட்டெட்டாகக் கூட்டிக்கொண்டே போய் விடையைப் பிடித்துவிடுகிறார்கள். அதனால் மறுநாள் அட்டவணையில் 3 மாவையும் 12 மாவையும் மட்டும் வைப்பேன். நான்கு மடங்கு என்று பார்ப்பவருக்கு அட்டவணை இனித் தேவையில்லை. மீண்டும் எட்டெட்டாகவே ஏறுபவருக்கு இன்னும் ஒரு நாள் தேவை. எண்களையும் முதல் நாள் எளிதாகவே வைக்கிறேன். 24க்குப் பதில் 25 வைத்தால், திணறும் பிள்ளை வகுத்தலிலேயே தங்கிவிடும்.

சென்ற பருவத்தில், கடைசிப் பத்து நிமிடப் பேச்சில் 26க்கு எதிரான வாதத்தை முன்வைத்தவன் அட்டவணை வாங்கிய ஒரு பையன்; வயல் வேலை பார்த்து வளர்ந்தவன். “டீச்சர், ஒண்ணு ஒண்ணா குறைச்சுக்கிட்டே வந்தா, நிலமே இல்லாதவங்களுக்கும் 21 கிலோ விதை வேணும்னு வருதே” என்றான். 40 எழுதிய மூன்று பேரும் தங்கள் தாளைத் திருப்பி, அந்தப் பூஜ்யத்தை எழுதிச் சரிபார்த்தார்கள்.