ஐந்தாம் இடத்துப் பட்டன்

“இதுதான் சரியான வரிசை. ரெண்டு நாள்ல கை பழகிடும்.” அன்று என் குழுவில் வேலை செய்யும் அவளிடம் நான் சொன்னது இவ்வளவுதான். அதட்டவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். ஆனாலும் அந்த வாக்கியம் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

கேட்டது அவள்தான், இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பவர்பாயிண்டில் நான் மவுஸைத் தொடாமல் பெட்டிகளை வரிசைப்படுத்துவதைப் பார்த்துவிட்டு, “அண்ணா, உங்களுக்கு இருக்கிற மாதிரி எனக்கும் வெச்சுக் கொடுங்க” என்றாள். மேலே இருக்கும் Quick Access Toolbar-இல் எந்தப் பட்டன் எத்தனையாவது இடத்தில் இருக்கிறதோ, Alt-உடன் அந்த எண்ணை அழுத்தினால் அது வேலை செய்யும். ஒற்றை எண்ணில் எட்டுவது முதல் ஒன்பது இடம்தான். பத்தாவதிலிருந்து 09, 08 என்று இரண்டிரண்டு எழுத்தாகிவிடும். அதனால் அந்த ஒன்பதை வீணடிக்கக் கூடாது என்பதில் நான் கறார். Save-க்கும் Undo-வுக்கும் Ctrl+S, Ctrl+Z இருக்கும்போது அவை எதற்கு அங்கே இடத்தை அடைத்துக்கொண்டு? எடுத்துவிட்டு, ஒரு நாளில் ஐம்பது தடவை தேவைப்படும் Align வகையறாக்களை வைத்திருந்தேன்.

அவள் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் அவள் கணினியில் உட்கார்ந்தேன். என்னுடைய அமைப்பை ஏற்கெனவே Export செய்து .exportedUI கோப்பாக வைத்திருந்தேன். Import கொடுத்தேன். இப்போது இருக்கும் அமைப்பு முழுவதையும் மாற்றிவிடலாமா என்று ஒரு பெட்டி வந்து கேட்டது. Yes என்று அழுத்தினேன். அது சேர்க்காது, இருப்பதைத் துடைத்துவிட்டுத்தான் வைக்கும். எனக்கு அது தெரியும். அவளுக்கென்று ஒரு வரிசை அங்கே இருந்ததைக் கண்ணால் பார்க்கவும் செய்தேன். நாலைந்து பட்டன்தானே என்று நினைத்துக்கொண்டேன். அதை முதலில் Export செய்து வைக்க அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

திரும்பி வந்தவள், “என்னோடது எங்க அண்ணா?” என்றாள். அதற்குத்தான் அந்தப் பதில்.

அவள் வரிசையில் ஐந்தாவது, பெட்டிகளின் பக்கவாட்டு இடைவெளியைச் சமமாக்கும் Distribute Horizontally. என்னுடையதில் நான்காவது அது, ஐந்தாவது Distribute Vertically. அன்று மாலை, பழைய இரண்டு ஸ்லைடுகளிலிருந்து எடுத்து ஒட்டிய ஐந்து பெட்டிகளை ஒரே வரிசையில் அடுக்கினாள். உயரம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். Align Top கொடுத்தாள், அது சரியாக வந்தது. அடுத்துப் பழக்கத்தில் Alt+5. ஏற்கெனவே ஒரே மட்டத்தில் நிற்கும் சம உயரப் பெட்டிகளை மேலும் கீழுமாகப் பங்கிடச் சொன்னால் எதுவும் அசையாது. Align Left மாதிரி ஒரு பட்டனாக இருந்திருந்தால் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும், உடனே தெரிந்திருக்கும். இது சத்தமே போடவில்லை. இடைவெளி முன்பே சரியாக இருந்தது போல என்று நினைத்து அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் மேலாளர்தான் கண்டுபிடித்தார். முதல் இடைவெளிக்குச் சரியாகப் பொருந்துகிற மாதிரி சின்னச் சதுரம் ஒன்று வரைந்து, அதை அம்புக்குறிச் சாவியால் ஒவ்வொரு இடைவெளியாக நகர்த்திக் காட்டினார். மூன்றாவதில் இடித்தது, நான்காவதில் தொளதொளவென்று நின்றது. “கண்ணால பார்க்க மாட்டியா?” என்று அவளைத்தான் கேட்டார். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். பட்டனை மாற்றியது நான் என்று சொல்லியிருக்கலாம். அப்போது அது ஒரு சாக்காகத் தெரியும் என்று தோன்றியது. யாருக்குச் சாக்கு என்று இப்போது யோசித்தால் விளங்கவில்லை.

நான் செய்ததில் நியாயமே இல்லையா? குழுவில் எல்லோருக்கும் ஒரே வரிசை இருந்தால் யார் கணினியில் யார் உட்கார்ந்தாலும் கை தடுமாறாது. இன்றும் அதைத்தான் நம்புகிறேன். பயன்படுத்தும் முன் வரிசையைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பும்தான். ஆனால் பார்க்காமல் அழுத்துவதற்காகத்தானே அந்த எண்களே! பார்த்துப் பார்த்து அழுத்துவதென்றால் மவுஸே போதும். அப்புறம், “உங்களுக்கு இருக்கிற மாதிரி” என்று அவள் கேட்டது என் வரிசையையா, என் வேகத்தையா? நான் அதைக் கேட்கவே இல்லை.

அதற்குப் பிறகு அவள் தன் வரிசையைத் திரும்ப அமைத்துக்கொள்ளவில்லை. Alt, H, G, A, H என்று ஐந்து சாவிகளை ஒவ்வொன்றாகத் தட்டுகிறாள். ரிப்பன் வழியாகப் போகும் பாதை அது. Import செய்து யாரும் துடைத்துவிட முடியாத பாதை என்று சொல்ல வந்தேன், ஆனால் ரிப்பனின் தாவல்களையும் அந்த வகைக் கோப்பால் மாற்ற முடியும். என் கோப்பு மாற்றவில்லை, அவ்வளவுதான். Alt+4 ஒரே தட்டு என்று சொல்ல ஒருமுறை வாயெடுத்தேன். மேலே என் ஒன்பது பட்டன்களும் அப்படியே இருக்கின்றன. அவள் தொடுவதில்லை.