சிவப்புப் புள்ளியா, ரத்தக்கட்டா? பீடியாட்ரிக்ஸ் ஷார்ட் கேஸில் எனக்குக் கைகொடுத்த வரிசை

இறுதியாண்டு பார்ட் 2 முடிவு வந்துவிட்டது. பாஸ். பீடியாட்ரிக்ஸ் கிளினிக்கலில் எனக்கு வந்தது ரத்தக்கசிவு கேஸ். ஜூனியர்கள் பலரும் அதைப் பற்றியே கேட்பதால், நினைவு மங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். ஹிஸ்டரி எப்படி எழுத வேண்டும், மார்க் எப்படிப் பிரிப்பார்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வருவது ஒன்றுதான். லேப் ரிப்போர்ட்டைப் பார்ப்பதற்கு முன்பே, தோலைப் பார்த்தும் அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டும், கோளாறு பிளேட்லெட்டிலா உறைதல் காரணியிலா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டால், வைவா நீங்கள் இழுக்கும் பக்கம் வரும்.

எனக்குக் கொடுத்தது நாலு வயதுப் பெண் குழந்தை. கட்டிலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். காய்ச்சல் இல்லை, முகத்தில் வாட்டமும் இல்லை. "வேர்க்குருன்னு நெனச்சுப் பவுடர் போட்டேன் தம்பி. போகலை, காலெல்லாம் பரவிடுச்சு" என்றார் அம்மா. இரண்டு வாரத்துக்கு முன் சளியும் இருமலும் வந்து போயிருக்கிறது.

கையில் அதிகம் தெரியவில்லை. நம் ஊர்ப் பிள்ளைகளின் தோல் நிறத்தில் பெடீக்கியா புத்தகப் படத்தில் வருவது போல் பளிச்சென்று சிவப்பாகத் தெரியாது. கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மங்கித்தான் இருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் காலை நீட்டச் சொல்லிப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே குண்டூசித் தலை அளவில் புள்ளிகள் ஏராளம். சாக்ஸின் எலாஸ்டிக் அழுத்தும் இடத்தில் அவை ஒரு வளையம் போல நெருக்கமாக இருந்தன. முந்தின நாள் ஊசி போட்டபோது வீறிட்டு அழுதிருக்கிறாள். இமைகளிலும் கன்னத்திலும் சில புள்ளிகள். வாயைத் திறக்கச் சொன்னேன். மேலண்ணத்தின் பின்பகுதியில் நான்கைந்து புள்ளிகள் தெளிவாகத் தெரிந்தன. கருமையான தோலில் சந்தேகம் வந்தால் அண்ணம், கண்ணின் கீழிமை, உள்ளங்கால் ஆகிய மூன்று இடங்களையும் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள்.

பிறகு ஒரு கண்ணாடி ஸ்லைடை எடுத்துப் புள்ளிகளின் மேல் அழுத்தினேன். நிறம் போகவில்லை. கொசுக்கடியாக இருந்தால் அழுத்தும்போது வெளிறும், நடுவில் கடித்த புள்ளி இருக்கும், அரிக்கவும் செய்யும். இதில் ரத்தம் குழாயைவிட்டு வெளியே வந்துவிட்டது. அதனால் அழுத்தினாலும் நகராது. எக்ஸாமினர் தூரத்திலிருந்து கவனித்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஸ்லைடைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள், மறக்காதீர்கள்.

அளவை எழுதும்போது கண்மதிப்பாக எழுதாமல் ஸ்கேலை வையுங்கள். 3 மி.மீ.க்குக் கீழ் பெடீக்கியா, அதற்கு மேல் 1 செ.மீ. வரை பர்பூரா, அதையும் தாண்டினால் எக்கிமோசிஸ், அதாவது நாம் ரத்தக்கட்டு என்பது. சில புத்தகங்கள் பெடீக்கியாவை 2 மி.மீ.யோடு நிறுத்துகின்றன. அதற்காக யாரும் மார்க் குறைப்பதில்லை. எந்த அளவில் அதிகம், எந்த இடத்தில் அதிகம் என்பதைத்தான் கேட்பார்கள்.

ஏன் புள்ளி, ஏன் காலில்? இதற்கு எனக்குப் புரிந்த பதில் இது. மிகச் சிறிய ரத்தக்குழாய்களின் சுவரில் அன்றாடம் நுண்ணிய இடைவெளிகள் உண்டாகிக்கொண்டே இருக்கும். அவற்றை அவ்வப்போது அடைத்து வைப்பவை பிளேட்லெட்டுகள். அவை குறைந்தால் அடி எதுவும் படாமலேயே ரத்த சிவப்பணுக்கள் துளித்துளியாக வெளியே கசியும். நிற்கும்போதும் நடக்கும்போதும் கால் தந்துகிகளில் அழுத்தம் அதிகம், அதனால் கால். அழும்போதும் இருமும்போதும் தலை, கழுத்துப் பகுதியில் அழுத்தம் ஏறும், அதனால் முகம். படுத்தே கிடக்கும் நோயாளியைத் திருப்பி இடுப்பின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும் என்பதும் இதனால்தான். இந்த ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டால் இடங்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

உறைதல் காரணி குறைந்தவர்களுக்குக் கதை வேறு. பிளேட்லெட் சரியாக இருப்பதால் நுண்குழாய்கள் பத்திரமாக இருக்கும், பெடீக்கியா வராது. பெரிய குழாயில் அடிபடும்போதும் பிளேட்லெட் அடைப்பு உடனே உண்டாகும். ஆனால் அதை இறுக்கிப் பிடிக்கும் ஃபைப்ரின் வலை சரியாக அமையாது. தண்ணீர்க் குழாயின் ஓட்டையில் துணியை அடைத்துவிட்டுக் கம்பி கட்டாமல் விட்டது போல, முதலில் நின்றுவிட்டதாகத் தோன்றும், சில மணி நேரம் கழித்துப் பிய்த்துக்கொள்ளும். அதனால் ரத்தம் ஆழத்தில், தசையிலும் மூட்டிலும் தேங்கும்.

நான் எல்லாருக்கும் அடித்துச் சொல்லும் கேள்வி இங்கேதான் வருகிறது: "அடிபட்டதும் ரத்தம் வந்துச்சா, இல்லை நின்னுட்டு அப்புறம் வந்துச்சா?" ரத்தம் வந்ததா என்று மட்டும் கேட்டால் யாராக இருந்தாலும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். நேரத்தைக் கேளுங்கள். என் கேஸில் அம்மா சொன்னது: "ஈறுல பிரஷ் பட்டதும் உடனே கசிஞ்சுது தம்பி. கொஞ்ச நேரம் துணிய வெச்சு அமுக்கினேன், நின்னுடுச்சு. திரும்ப வரலை." உடனே வருவதும், அழுத்தினால் நிற்பதும், மறுபடி வராததும் பிளேட்லெட் பக்கத்துக் கதை.

அதே வார்டில் என் நண்பனுக்குக் கொடுத்தது எட்டு வயதுப் பையன், வலது முழங்கால் வீங்கிச் சூடாக இருந்தது. மாலையில் விளையாடும்போது விழுந்திருக்கிறான். எழுந்து மறுபடி விளையாடவும் செய்திருக்கிறான். இரவில்தான் வலி தொடங்கியது, காலையில் காலை நீட்ட முடியவில்லை. பால்பல் விழுந்தபோதும் அன்று ரத்தம் நின்று, மறுநாள் தலையணை நனைந்திருக்கிறது. குழந்தையாக இருந்தபோது தடுப்பூசி போட்ட தொடையில் கட்டி போல ரத்தம் கட்டியதாம். தோலில் இருந்தது ஒரே ஒரு பெரிய ரத்தக்கட்டு. தடவினால் அடியில் கெட்டியாக இருந்தது, பெடீக்கியா ஒன்றுகூட இல்லை. தாய்மாமனுக்கும் சிறு வயதிலிருந்தே மூட்டு வீக்கம். நண்பன் ஹீமோஃபிலியா என்று தைரியமாகச் சொன்னான்; சொல்ல வேண்டியதும் அதுதான். ஆனால் ஏயா பியா என்று படுக்கையருகில் சொல்ல முடியாது. எட்டாவது காரணியையும் ஒன்பதாவதையும் தனித்தனியாக அளந்துதான் பிரிக்க வேண்டும்.

என் குழந்தைக்கும் சில ரத்தக்கட்டுகள் இருந்தன. இதில் பலர் தடுமாறுவார்கள், ஏனென்றால் ரத்தக்கட்டு இரண்டு பக்கத்திலும் வரும். பிளேட்லெட் குறைவில் அது சிறியதாக, மேலோட்டமாக, பல இடங்களில் இருக்கும்; தடவினால் கையில் தட்டாது. காரணி குறைவில் எண்ணிக்கை குறைவு, அளவு பெரிது, அடியில் கட்டி. ஓடியாடும் பிள்ளையின் முழங்காலிலும் முன்கணைக்காலிலும் நெற்றியிலும் ஒன்றிரண்டு இருப்பது சாதாரணம். ஆனால் இன்னும் தவழவே தொடங்காத குழந்தைக்கு ரத்தக்கட்டு இருந்தாலும், காது, கழுத்து, வயிறு, முதுகில் இருந்தாலும், ரத்த நோயோடு சேர்த்து யாராவது அடித்தார்களா என்பதையும் யோசித்தே ஆக வேண்டும். அதை எக்ஸாமினரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.

நான் பிரசன்டேஷனைத் தொடங்கியது இப்படி: "சார், இது தோலோடும் சளிச்சவ்வோடும் நிற்கிற ரத்தக்கசிவு. பெடீக்கியா அதிகம், மூட்டு வீக்கம் இல்லை, அடிபட்டதும் உடனே ரத்தம் வந்து அழுத்தினால் நின்றிருக்கிறது. அதனால் பிளேட்லெட் கோளாறு. குழந்தை தெம்பாக இருக்கிறாள்; வெளிறல் இல்லை, நிணநீர்க்கட்டி இல்லை, கல்லீரல் மண்ணீரல் வீக்கம் இல்லை. ஐ.டி.பி.யை முதலில் நினைக்கிறேன்."

அதன் பிறகுதான் ரிப்போர்ட்டைக் கொடுத்தார். பிளேட்லெட் 12,000, ஹீமோகுளோபின் 11.2, வெள்ளணு 8,400, ஸ்மியரில் பெரிய பிளேட்லெட்டுகள், பிளாஸ்ட் செல் இல்லை. பி.டி., ஏ.பி.டி.டி. இரண்டும் நார்மல். நண்பனின் பையனுக்கு இதற்கு நேர்மாறு: பிளேட்லெட் நார்மல், பி.டி. நார்மல், ஏ.பி.டி.டி. மட்டும் நீண்டிருந்தது.

வைவாவில் என்னிடம் கேட்டவை:

- புள்ளி தடவினால் மேடாக இருந்து, பிளேட்லெட் நார்மல் என்றால்? குழாய்ச் சுவரிலேயே அழற்சி. புட்டத்திலும் காலிலும் மேடான பர்பூரா, கூடவே வயிற்றுவலி, மூட்டுவலி என்றால் ஹினாக்-ஷேன்லைன். சிறுநீரைச் சோதிக்க வேண்டும். அதனால் கண்ணால் பார்த்ததோடு நிற்காமல் விரலால் தடவுங்கள்.
- மூக்கிலும் ஈறிலும் ரத்தம், பெண்ணாக இருந்தால் மாதவிடாய்ப் போக்கும் அதிகம், ஆனால் பிளேட்லெட் எண்ணிக்கை நார்மல், பெடீக்கியாவும் இல்லை. வான் வில்லிபிராண்ட். அது பிளாஸ்மாவில் இருக்கும் புரதம்தான். ஆனால் பிளேட்லெட்டைக் குழாய்ச் சுவரில் ஒட்ட வைப்பதே அதன் வேலை என்பதால் ரத்தக்கசிவு பிளேட்லெட் பாணியில் இருக்கும். இரண்டாகப் பிரிக்கும் நம் கணக்கு இங்கேதான் இடறும்.
- பெடீக்கியாவும் இருக்கிறது, ஊசி குத்திய இடமெல்லாம் கசியவும் செய்கிறது? டி.ஐ.சி. பிளேட்லெட்டும் காரணிகளும் சேர்ந்தே தீர்ந்துபோகின்றன. செப்சிஸைத் தேடுங்கள்.
- காய்ச்சலோடு பெடீக்கியா, குழந்தை துவண்டு கிடக்கிறது? இங்கே வகை பிரித்துக்கொண்டு உட்காரக் கூடாது. மெனிங்கோகாக்கஸ் என்று எடுத்துக்கொண்டு உடனே ஆன்டிபயாட்டிக். நம் ஊரில் டெங்குவையும் கூடவே பார்க்க வேண்டும்.

கடைசியாக, "12,000தான் இருக்கு, பிளேட்லெட் ஏத்தலாமா?" என்றார். இந்தக் கேள்விக்குத் தயாராகப் போங்கள், எண்ணைப் பார்த்துப் பதறினால் மாட்டிக்கொள்வோம். ஐ.டி.பி.யில் ஏற்றும் பிளேட்லெட்டையும் ஆன்டிபாடி அழித்துவிடும். உயிருக்கு ஆபத்தான ரத்தக்கசிவில் மட்டும்தான் ஏற்றுவது. தோலில் புள்ளிகளும் சிறு ரத்தக்கட்டுகளும் மட்டும் இருந்தால், எண்ணிக்கை குறைவாக இருந்தாலும், மருந்தில்லாமல் கண்காணித்தால் போதும் என்பதுதான் அமெரிக்க ஹீமட்டாலஜி சங்கத்தின் 2019 வழிகாட்டல். பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில மாதங்களில் தானாகவே சரியாகிவிடும். வாய்க்குள் ரத்தக் கொப்புளம் இருக்கிறதா என்று நான் பார்த்ததை இங்கே சொன்னேன். அது இருந்தால் ரத்தக்கசிவின் தீவிரம் கூடுகிறது என்று பொருள், ஸ்டீராய்டோ ஐ.வி.ஐ.ஜி.யோ யோசிக்க வேண்டி வரும்.

"அம்மாகிட்ட என்ன சொல்வ?" என்றார். தசையில் ஊசி போட விடக் கூடாது, ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் கொடுக்கக் கூடாது, காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், சைக்கிளும் உயரத்தில் ஏறுவதும் கொஞ்ச நாள் வேண்டாம் என்றேன். தலையில் அடிபட்டாலோ, விடாத தலைவலியும் வாந்தியும் வந்தாலோ, மலம் கருப்பாகப் போனாலோ, மூக்கில் அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்காவிட்டாலோ, ராத்திரியானாலும் உடனே கூட்டி வர வேண்டும் என்றும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, அதையே அந்த அம்மாவிடம் போய் அவர் பேசும் தமிழில் சொல்லச் சொன்னார்.