கேலிபிரேஷன் மீட்டிங்கில் நம்மைத் தெரிந்த இன்னொருவர் வேண்டும்

இந்த ஜூனில் அசிஸ்டென்ட் மேனேஜர் ப்ரமோஷன் லெட்டர் வந்துவிட்டது. போன வருடம் வந்திருக்க வேண்டியது. அப்போது ஏன் வரவில்லை, இந்த முறை என்ன மாறியது என்பதை எழுதி வைக்கிறேன். கிண்டியில் ஹெட் ஆபீஸ், ஓரகடத்தில் பிளாண்ட் என்று இருக்கும் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் நான் அக்கவுண்ட்ஸ் பேயபிள் பார்க்கிறேன். வெண்டர் பில்களைச் சரிபார்த்துப் பணம் அனுப்பும் வேலை.

போன வருடம் என் மேனேஜர் நல்ல ரேட்டிங்கோடு என் பெயரைப் பரிந்துரைத்திருந்தார். ஆனால் ரேட்டிங்கை மேனேஜர் மட்டும் முடிவு செய்வதில்லை. மே மாதம் கேலிபிரேஷன் மீட்டிங் என்று ஒன்று நடக்கும். ஃபைனான்ஸ், பர்ச்சேஸ், குவாலிட்டி, பிளாண்ட் ஆபரேஷன்ஸ் ஹெட்கள் எல்லோரும் ஹெச்.ஆரோடு உட்கார்ந்து, வந்த பெயர்களை ஒன்றாக வைத்துப் பார்ப்பார்கள். ப்ரமோஷன் இடங்கள் குறைவு, பெயர்கள் அதிகம். ஒரு பெயர் வரும்போது, "இவங்களோட வேலை செஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்பார்கள். என் பெயருக்கு யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்து வந்த பெயருக்கு இரண்டு ஹெட்கள் பேசினார்கள். அவ்வளவுதான், இடம் அங்கே போய்விட்டது. என் வேலையில் ஒரு குறையும் யாரும் சொல்லவில்லை என்பதுதான் ரொம்ப வலித்தது.

அதனால் முதல் வேலையாக எங்கள் ஹெச்.ஆர். பார்ட்னரிடம் போய், என் கிரேடுக்கான கேலிபிரேஷனில் எந்தெந்த டிபார்ட்மென்ட் ஹெட்கள் உட்காருவார்கள் என்று கேட்டேன். யார் என்ன பேசினார்கள் என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள். எந்த டிபார்ட்மென்ட் என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள், அதில் ரகசியம் ஒன்றுமில்லை. தெரியாமல் கம்பெனி முழுக்க எல்லோரிடமும் பழகிக்கொண்டிருப்பது வீண் அலைச்சல்.

அதற்கு முந்தைய மாதங்களில் எல்லோரும் சொல்லும் வழியைத்தான் பின்பற்றிப் பார்த்திருந்தேன். வேறு டிபார்ட்மென்ட் சீனியர்களை காபிக்குக் கூப்பிட்டேன். ஒருவர், "என்ன விஷயம் மேடம், ஏதாவது பில் பிரச்சினையா?" என்று கேட்டார். இன்னொருவர் மீட்டிங்கைத் தள்ளித் தள்ளிப் போட்டு விட்டுவிட்டார். பொங்கல் விழாக் குழுவிலும் இருந்தேன். அதில் நிறைய முகங்கள் பழக்கமாயின, சந்தோஷம்தான். ஆனால் கேலிபிரேஷனில் ஒரு ஹெட் எடுத்துச் சொல்லும்படியான விஷயமாக அது ஆகாது.

சரி, அப்புறம் என்னதான் செய்வது? அவர்களுக்கும் எனக்கும் பொதுவாக ஏற்கனவே ஒரு தலைவலி இருந்தது: மாட்டிக்கொண்டு நிற்கும் பில்கள்.

வெண்டர் பில் பாஸ் ஆக மூன்று விஷயம் ஒத்துப்போக வேண்டும்: பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வந்து சேர்ந்ததற்கு ஸ்டோர்ஸ் போடும் ஜி.ஆர்.என். ரசீது, வெண்டரின் இன்வாய்ஸ். ஏதாவது ஒன்று இடித்தால் சிஸ்டம் பில்லை பிளாக் செய்துவிடும். பிளாக் ஆன பில்லைப் பற்றிக் கேட்டால் ஸ்டோர்ஸ், "க்யூ.சி. இன்னும் பார்க்கலை" என்பார்கள். குவாலிட்டியில் கேட்டால், "டெஸ்ட் சர்டிஃபிகேட் வரலை, பர்ச்சேஸ்தான் வாங்கித் தரணும்." பர்ச்சேஸில் கேட்டால், "நீங்க பணம் போடாம இருந்தா வெண்டர் எப்படி ஃபோனை எடுப்பான்?" எல்லோரும் சொல்வது உண்மைதான். பில்தான் நகராது.

முன்பெல்லாம் இது வெண்டருடைய கஷ்டமாக மட்டும் இருந்தது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து 1961 வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவு வந்ததும் கம்பெனிக்கும் வலிக்க ஆரம்பித்தது. உத்யம் என்ற அரசுப் பதிவு உள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை நிறுவனத்துக்கும் எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் போக வேண்டும். அந்தக் கெடு தாண்டி, மார்ச் 31க்குள்ளும் பணம் போகவில்லை என்றால் அந்தச் செலவை அந்த ஆண்டுக் கணக்கில் கழிக்க முடியாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் கழியும்.

இதை நான் தனி மெயிலாக எழுதியிருந்தால் யாரும் படித்திருக்க மாட்டார்கள். அதனால் ஒரு லிஸ்ட் போட ஆரம்பித்தேன். சிறு வெண்டர்களின் பிளாக் ஆன பில்கள் மட்டும், கெடு நெருங்குகிற வரிசையில். கடைசி நெடுவரிசையில் "இப்போது யாரிடம் நிற்கிறது" என்று டிபார்ட்மென்ட் பெயர். வாராவாரம் ஸ்டோர்ஸ், குவாலிட்டி, பர்ச்சேஸ் மூன்று இடத்திலும் நேரடியாக வேலையைச் செய்பவர்களுக்கு மட்டும் அனுப்பினேன், ஹெட்களுக்கு அனுப்பவில்லை. தொடங்கும் முன்பே என் மேனேஜரிடம் மாதிரி லிஸ்டைக் காட்டிச் சொல்லிவிட்டேன். இதை மட்டும் தயவுசெய்து தவற விடாதீர்கள், ஏன் என்று அடுத்து சொல்கிறேன்.

யாரோ ஒருவர் அந்த லிஸ்டை பிளாண்ட் ஹெட்டுக்கு ஃபார்வர்டு செய்துவிட்டார். அன்று மதியமே பர்ச்சேஸ் சீனியர் மேனேஜர் என் மேனேஜருக்கு ஃபோன் போட்டு, "உங்க ஆளு எங்க மேல ரிப்போர்ட் போடுறாங்களா?" என்று சத்தம் போட்டார். என் மேனேஜர், "எனக்குத் தெரிஞ்சுதான் போகுது சார், உங்களுக்கு உதவத்தான்" என்று நிதானமாகச் சொன்னார். அவருக்கு முன்பே தெரியாமல் இருந்திருந்தால், அவர் தலைக்கு மேல் நான் போவதாகத்தான் நினைத்திருப்பார். அதோடு லிஸ்ட் நின்றிருக்கும்.

கோபம் தணிய நேரில் போகலாம் என்று ஓரகடம் போனேன். அது இன்னொரு கதை. கிண்டி ஐ.டி. கார்டு பிளாண்ட் கேட்டில் வேலை செய்யாது, தனியாக கேட் பாஸ் வேண்டும் என்று ஹெட் ஆபீஸில் யாரும் சொல்லவில்லை. செக்யூரிட்டியில் ரொம்ப நேரம் நின்று உள்ளே போனால், சேஃப்டி ஷூ இல்லாமல் ஷாப் ஃப்ளோர் பக்கம் போகக் கூடாது என்றார்கள். அதெல்லாம் முடிந்து ஸ்டோர்ஸ் போனால், அன்று கஸ்டமர் ஆடிட். இன்சார்ஜ் அண்ணா, "இன்னைக்கு எங்களை விட்டுடுங்க மேடம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஒன்றும் நடக்காமல் திரும்பினேன். பிளாண்டுக்குப் போகிறவர்கள் முதல் நாளே ஸ்டோர்ஸுக்கு ஃபோன் செய்து ஆடிட் உண்டா, ஸ்டாக் எண்ணுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாதக் கடைசி வேண்டவே வேண்டாம்.

அடுத்த முறை போனபோதுதான் உண்மையாகவே பேச முடிந்தது. அங்கே உட்கார்ந்து ஒரு பில்லை முழுக்கப் பின்தொடர்ந்தோம். மதிப்பு 4,00,000 ரூபாய், ஜி.எஸ்.டி. 72,000 சேர்த்து 4,72,000. சரக்கு 2025 பிப்ரவரி 3 அன்று வந்திருக்கிறது, ஜி.ஆர்.என்.னும் உண்டு. ஆனால் டெஸ்ட் சர்டிஃபிகேட் இல்லை என்று குவாலிட்டி அதை இன்ஸ்பெக்ஷன் ஸ்டாக்கிலேயே வைத்திருந்தது. சர்டிஃபிகேட் இல்லை என்று வெண்டருக்கு அவர்கள் மெயில் போட்ட தேதி பிப்ரவரி 20.

குவாலிட்டி இன்ஜினியர், "நாங்கதான் ஆட்சேபம் சொல்லிட்டோமே, அப்போ 45 நாள் ஓடாதே" என்றார். அது பாதிதான் சரி. எழுத்தில் ஆட்சேபம் சொன்னால், அது தீர்ந்த நாளிலிருந்துதான் கணக்கு. ஆனால் சரக்கு வந்து 15 நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டும். இங்கே அந்த 15 நாள் பிப்ரவரி 18 அன்றே முடிந்துவிட்டது. எனவே சரக்கு வந்த நாளிலிருந்தே எண்ணினால் கெடு மார்ச் 20. அதற்குள் போகாவிட்டால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில் கூட்டு வட்டி. மார்ச் 31-ஐயும் தாண்டினால் நான்கு லட்சத்துக்கான வரி, எங்கள் கம்பெனி கட்டும் 25.17 சதவீதத்தில் சுமார் ஒரு லட்சம் ரூபாய், அந்த ஆண்டு கூடுதலாகக் கட்ட வேண்டும்.

அவர் அன்றே பர்ச்சேஸைப் பிடித்தார். சர்டிஃபிகேட் வந்தது, சரக்கு பாஸ் ஆனது, பில் கெடுவுக்குள் போனது. அதைவிட முக்கியமாக, சரக்கில் குறை இருந்தால் 15 நாளுக்குள் மெயில் போட்டுவிட வேண்டும் என்பது குவாலிட்டியின் வழக்கமாகவே ஆகிவிட்டது. அவர்களுக்குப் பயன்படும் ஒரு விஷயம் என் கையிலிருந்து போனது. அதற்குப் பிறகு அவர்களே எனக்கு ஃபோன் செய்ய ஆரம்பித்தார்கள்.

பிளாண்டின் மாதாந்தர ரிவ்யூவில் பிளாக் பில்கள் குறைந்ததை ஒரு ஸ்லைடாகக் காட்டினார்கள். காட்டியவர் அதே பர்ச்சேஸ் சீனியர் மேனேஜர். என் பெயர் எங்கும் இல்லை. இப்போது நினைத்தாலும் மனசு பொறுக்கவில்லை. ஆனால் சண்டை போடவில்லை. இரண்டு நாள் விட்டு அவரிடம் போய், "சார், என் அப்ரைசலுக்கு இந்த லிஸ்டால் உங்களுக்கு என்ன பயன் என்று இரண்டு வரி மெயில் போடுவீர்களா?" என்று கேட்டேன். ஸ்லைடில் காட்டியவர் மறுக்க முடியுமா? அன்று மாலையே வந்துவிட்டது, நல்ல வார்த்தைகளோடு. குவாலிட்டி இன்ஜினியரும் ஒன்று எழுதினார்.

அந்த மெயில்களை அப்ரைசல் போர்ட்டலில் ஏற்றப் போனால் அடுத்த இடி. வேறு டிபார்ட்மென்ட் ஆட்களிடம் ஃபீட்பேக் கேட்க, அவர்கள் பெயரைப் பிப்ரவரிக்குள்ளேயே சேர்த்திருக்க வேண்டுமாம். ஹெச்.ஆர். ஹெல்ப் டெஸ்க்கில், "க்ளோஸ் ஆயிடுச்சு மேடம், ஒண்ணும் பண்ண முடியாது" என்று ஒரே வரி. எப்போது மெயில் போட்டீர்கள் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. என் மேனேஜர்தான் வழி சொன்னார்: செல்ஃப் அப்ரைசல் ஃபார்மில் சாதனைகள் பகுதியில் ஃபைல் இணைக்க இடம் உண்டு. இரண்டு மெயில்களையும் பி.டி.எஃப். ஆக்கி அங்கே சேர்த்தேன். ஒரு பக்கச் சுருக்கத்தை மீட்டிங்குக்குக் கொண்டுபோக அவர் கையில் கொடுத்தேன்.

மீட்டிங்கில் என் பெயர் வந்தபோது பிளாண்ட் ஹெட், "ஓரகடம் பில் லிஸ்ட் அனுப்புறது இவங்கதானா?" என்று கேட்டாராம். பிறகு அவரே பேசியிருக்கிறார். மேனேஜர் வந்து சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அவருக்கு லிஸ்ட் தெரிந்திருக்கிறது, என் பெயர் தெரியவில்லை. அந்தச் சுருக்கம் இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்திருக்காது. இப்போது லிஸ்டின் ஃபைல் பெயரிலும் மெயில் தலைப்பிலும் என் பெயர் இருக்கிறது.

ட்ரான்ஸ்ஃபருக்காக இதைச் செய்பவர்கள் இன்னும் ஒன்றைப் பார்க்க வேண்டும். புது டிபார்ட்மென்ட் ஹெட் உங்களைப் பிடித்துப்போய் உங்கள் மேனேஜருக்கு ஃபோன் செய்வதற்கு முன், நீங்களே சொல்லிவிடுங்கள். என் தோழி ஒருத்திக்கு அந்த ஃபோன் முதலில் போய்விட்டது. மேனேஜர் விடுவிக்கும் தேதியை மாதக்கணக்கில் இழுத்தார், அந்த இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார்.

ஃபீட்பேக் பெயர் சேர்க்கும் தேதியை இந்த முறை ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டேன். உங்கள் கம்பெனியிலும் ஜனவரியிலேயே கேட்டு வையுங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.