உப்பு வண்டிக்காரர் கற்றுக்கொடுத்த மூச்சு: 12 நாள் நீச்சல் வகுப்புக் குறிப்புகள்

என் மகனுக்கு ஒன்பது வயது. வகுப்பில் பெயர் கூப்பிடும்போது ‘உள்ளேன்’ என்று சொல்ல அவனுக்குக் குரல் எழாது. கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி உடனே இறக்கிக்கொள்வான் என்றும், அதைக் கவனிக்காமல் சில நாள் அவனை வராதவர் கணக்கில் எழுதிவிட்டதாகவும் ஆசிரியை ஒருமுறை வருத்தத்தோடு சொன்னார். கடைக்கு அனுப்பினால், கடைக்காரர் தானாகத் திரும்பிப் பார்க்கும் வரை காசைக் கையில் இறுக்கிக்கொண்டு நின்றுகொண்டே இருப்பான். இதையெல்லாம் சரிசெய்துவிடலாம் என்று எண்ணி நான் அவனை நீச்சலில் சேர்க்கவில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அண்ணன் பிள்ளைகள் எல்லாரும் தோட்டத்துக் கிணற்றில் குதிக்க, இவன் மட்டும் மேலே அவர்களுடைய துணிகளுக்குக் காவல் இருந்தான். அந்தக் காட்சி என் மனத்தை உறுத்தியது. மாவட்ட விளையாட்டு அரங்க நீச்சல் குளத்தில் கோடைக்காலத்தில் அடுத்தடுத்து 12 நாள் வகுப்புகள் நடக்கும். நாளுக்கு ஒரு மணி நேரம். மே மாத வகுப்பு ஒன்றில் பெயர் கொடுத்துவிட்டு, நாள்தோறும் கேலரியில் உட்கார்ந்து குறிப்பெழுதத் தொடங்கினேன்.

முதல் நாள் தண்ணீரைவிடச் சட்டைதான் பெரிய சிக்கலாக இருந்தது. இருபது பிள்ளைகளுக்கு நடுவே வெற்றுடம்போடு நிற்க வேண்டும் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. குளித்துவிட்டுத்தான் குளத்தில் இறங்க வேண்டும் என்பதால் ஷவருக்கு அடியில் போய் நின்றவன், துண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டான். மாஸ்டர் ஒவ்வொருவராகப் பெயர் கேட்டுக்கொண்டு வந்தார். இவன் முறை வந்ததும் உதடு அசைந்தது, ஒலி வரவில்லை. அவர் மறுபடி கேட்கவில்லை. “பேர அப்புறம் சொல்லு தம்பி, முதல்ல கால நனை” என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனார். அவர் மீது எனக்கு மதிப்பு ஏற்பட்டது அந்த இடத்தில்தான்.

நான் வாங்கி வந்திருந்த காற்றடைத்த கைப்பட்டைகளை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். அவை இரண்டு கைகளையும் மேலே தூக்கிப் பிடிப்பதால், பிள்ளை தண்ணீரில் நின்ற நிலையிலேயே மிதக்கப் பழகிவிடும். நீந்துவதற்கோ படுத்த நிலை வேண்டும். நாங்கள் சிறுவயதில் காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்கியது நினைவுக்கு வந்தது. குடுக்கை முதுகில் இருந்ததால் உடம்பைக் கவிழ்த்துப் படுக்கவைத்தது என்பதும், அந்த வகையில் அது கைப்பட்டையைவிடப் புத்திசாலித்தனமான ஏற்பாடு என்பதும் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இரண்டாம் நாள் முகத்தைத் தண்ணீரில் வைக்கும் பயிற்சி. இதில் நான் செய்த தவற்றை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். “நல்லா மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கோ” என்று வீட்டிலேயே சொல்லி அனுப்பியிருந்தேன். அவனும் அப்படியே கன்னங்களை உப்பவைத்துக்கொண்டு முகத்தை நனைத்தான். மூக்கில் தண்ணீர் ஏறி, கண் சிவந்து, குளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமினான். நான்கு முறையும் இதே கதைதான். வகுப்பு முடிந்தபின் மாஸ்டர் எனக்கு விளக்கினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தால் மூக்கு திறந்த வாசலாகத்தான் இருக்கும், தலை சற்றுச் சாய்ந்தாலே தண்ணீர் உள்ளே வரும். மூக்கு வழியாக மெல்லிய இழையாகக் காற்று வெளியேறிக்கொண்டே இருந்தால் தண்ணீர் உள்ளே நுழைய வழியில்லை. மேலும், உடலில் கரியமில வாயு சேரச் சேரத்தான் மூச்சு முட்டும் உணர்வு வருகிறது. நெஞ்சு நிறையப் பழைய காற்றை அடைத்துக்கொண்டு தலையைத் தூக்குகிற பிள்ளை, அதை வெளியேற்றுவதும் புதிதாக இழுப்பதுமாக இரண்டு வேலைகளை ஒரே நொடியில் செய்யப் பார்த்து, நடுவில் தண்ணீரைக் குடித்துவிடும்.

அதற்கு அவர் சொன்ன வழி மிக எளிது. வாயை மூடிக்கொண்டு தண்ணீருக்குள் ‘ம்ம்ம்’ என்று சொல்ல வேண்டும். வாய் மூடியிருக்கும்போது ‘ம்’ என்ற ஒலி எழ வேண்டுமானால் காற்று மூக்கு வழியாகத்தான் வெளியேறியாக வேண்டும். மூச்சை மெல்ல விடு என்று விளக்கினால் பிள்ளைக்குப் பிடிபடாத ஒன்று, ஒலி எழுப்பு என்றால் தானாக வந்துவிடுகிறது.

அன்று மாலை மொட்டைமாடியில் பெரிய அலுமினிய அண்டா ஒன்றில் தண்ணீர் நிரப்பிவைத்தேன். யாரும் பார்க்காத இடம் என்பதால் அவன் தயங்காமல் முகத்தை நனைத்தான். முதலில் மூன்று எண்ணும் வரை குமிழி வந்தது, பிறகு ஐந்து, இருட்டுவதற்குள் எட்டு. நான் குனிந்து காதைக் கொடுத்தபோது, வெறும் ‘ம்ம்ம்’ ஆக இல்லாமல் அது ஏறி இறங்கி ஒரு மெட்டாகவே கேட்டது. என்ன பாட்டு என்று கேட்டேன். காலையில் எங்கள் தெருவில் உப்பு வண்டி தள்ளிக்கொண்டு வருபவர் ‘உப்போய்... உப்பு’ என்று இழுத்துக் கூவுவார். அதைத்தான் இவன் தண்ணீருக்குள் கூவிக்கொண்டிருந்தான். தெருவிலேயே உரத்த குரல் அவருடையதுதான்.

இங்கே ஒன்றை எழுதிவைக்க வேண்டும். எவ்வளவு நேரம் தாங்குகிறது பார்க்கலாம் என்று பக்கத்து வீட்டுப் பையனோடு மறுநாள் போட்டி தொடங்கியது. நான் அண்டாவைக் கவிழ்த்துவிட்டேன். பலமுறை ஆழமாக மூச்சிழுத்துவிட்டு நீருக்குள் தம் கட்டினால், மூச்சு முட்டும் எச்சரிக்கை வருவதற்கு முன்பே மயக்கம் வந்துவிடக்கூடும். எங்களுக்கு வேண்டியது மூச்சை விடும் பழக்கம்தான், அடக்கும் வித்தை இல்லை.

நான்காம் நாள் மிதக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன்பு எழுந்து நிற்கக் கற்றுக்கொடுத்தார்கள். கவிழ்ந்து மிதப்பவன் முதலில் முழங்கால்களை வயிற்றை நோக்கி மடக்க வேண்டும், நீட்டிய கைகளால் தண்ணீரைக் கீழ்நோக்கி அழுத்த வேண்டும், பாதம் தரையைத் தொட்ட பிறகே தலையைத் தூக்க வேண்டும். இந்த வரிசை மாறித் தலை முதலில் எழுந்தால், கால்கள் பின்னால் நீண்டே இருப்பதால் பிள்ளை திணறிப்போகும். எழுந்து நிற்கத் தெரிந்தபின் அவன் சுவரை உதைத்துக்கொண்டு வழுக்கிப்போக அஞ்சவில்லை. கால் தாழ்ந்துபோனால் மாஸ்டர் காலைப் பார்க்கவில்லை, கண்ணைத்தான் பார்த்தார். பிள்ளை எதிர்ச்சுவரைப் பார்த்தால் தலை உயர்ந்து இடுப்பு இறங்கிவிடுகிறது. குளத்தின் அடியில் உள்ள கோட்டைப் பார்த்தால் உடம்பு பலகைபோல் சமமாகிவிடுகிறது.

ஆறாம் நாள் சறுக்கல். உதைத்துக்கொண்டு போனவன் நடுவில் மூச்சு வேண்டித் தலையை நிமிர்த்தி, வாயைத் திறந்து, தண்ணீரைக் குடித்துவிட்டான். ஆழம் அவன் நெஞ்சளவுதான், ஆபத்து ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு பையன்கள் சிரித்தார்கள். மறுநாள் காலை வயிற்று வலி என்றான். வலி எதனால் என்று இருவருக்கும் தெரியும். தண்ணீரில் இறங்க வேண்டாம், சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு வரலாம் என்று சட்டையோடு அழைத்துப்போனேன்.

மாஸ்டர் அவனைக் கரையில் உட்காரவைத்து, பலகையைப் பிடித்துக் கால் உதைத்துக்கொண்டிருந்த ஒரு பெரிய பையனைக் காட்டி, “அண்ணன் இவ்வளவு உதைக்கிறார், ஏன் நகர மாட்டேங்கிறார், பார்த்துச் சொல்லு” என்றார். இவன் வெகுநேரம் பார்த்துவிட்டு ஏதோ முணுமுணுத்தான். மாஸ்டர் தலையை ஒருபக்கம் சாய்த்துத் தட்டிக்கொண்டு, “காதுல தண்ணி தம்பி, கேக்கல” என்றார். மறுபடி சொன்னான், மறுபடியும் கேட்கவில்லை. மூன்றாம் முறை எனக்கே கேட்டது: “சைக்கிள் ஓட்டுறாங்க!” முழங்காலை மடக்கி மடக்கி மிதித்தால் தண்ணீர் கீழேதான் தள்ளப்படும், பின்னால் தள்ளப்படாது. உதை இடுப்பிலிருந்து வர வேண்டும், பாதம் நீண்டு தளர்ந்திருக்க வேண்டும். அந்தப் பையன் கோபப்படவில்லை, திருத்திக்கொண்டான். மாஸ்டருடைய காதில் உண்மையிலேயே தண்ணீர் இருந்ததா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

எட்டாம் நாளிலிருந்து பக்கவாட்டில் மூச்செடுக்கும் பயிற்சி தொடங்கியது. பெரும்பாலான பிள்ளைகள் தடுக்கி நிற்பது இங்கேதான். தலையைத் தூக்கக் கூடாது, உடம்போடு சேர்த்து உருட்ட வேண்டும். ஒரு காதும் கண்ணாடியின் ஒரு வில்லையும் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கை பின்னோக்கிப் போகும்போது அந்தப் பக்கம் வாயைத் திருப்பி இழுத்துவிட்டு, உடனே முகத்தை உள்ளே வைத்து உப்பு விற்கத் தொடங்க வேண்டும். அவனுடைய ‘உப்போய்’ முழுவதும் நீருக்குள் முடிந்துவிட்டால், திரும்பும்போது இழுப்பது மட்டும்தான் வேலை. பாதியில் திரும்பினால் கால் உதை நின்றுவிடுவதைக் கேலரியிலிருந்தே பார்க்கலாம். வலப்பக்கம் அவனுக்கு இரண்டு நாளில் வந்துவிட்டது. இடப்பக்கம் இன்றுவரை வரவில்லை.

பன்னிரண்டாம் நாள், ஆழம் குறைந்த பகுதியில் கயிறு வரைக்கும், ஏறத்தாழ 12 மீட்டர், பலகையில்லாமல் போனான். நான்கு முறை மூச்செடுத்தான். மூன்றாவது முறை தலை நிமிர்ந்து, கால் தாழ்ந்து, மறுபடி சமாளித்துக்கொண்டான். இதைக் கேள்விப்பட்ட அண்ணன் மகன், அவனைக் கிணற்றுக்கு அனுப்பச் சொல்லித் தொலைபேசியில் கேட்டான். மறுத்துவிட்டேன். கால் எட்டாத நீரில் ஓரிடத்தில் நின்று மிதக்க அவனுக்கு இன்னும் தெரியாது. எழுந்து நிற்கத் தரை இல்லாத இடத்தில் இதுவரை கற்றதில் பாதி உதவாது.

அடுத்த வகுப்புக்கும் பெயர் கொடுத்தோம். புதியவர்களுக்கு முதல் முறையாக முகம் நனைக்கச் சொன்ன நாளில், ஒரு சிறுமி விளிம்பைப் பிடித்துக்கொண்டு கன்னங்களை உப்பவைத்தபடி நின்றாள். இவன் கயிற்றருகிலிருந்து நடந்து வந்து, “மூச்ச பிடிக்காத, உள்ள போய் உப்பு வித்துப் பாரு” என்றான். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் முகத்தை நனைத்துக் குமிழிகள் வரச் செய்துகாட்டிவிட்டு நிமிர்ந்தபோது, “உன் பேர் என்ன?” என்று கேட்டாள். காதில் தண்ணீர் அடைத்திருந்ததால், தன் குரல் எவ்வளவு உயர்ந்திருந்தது என்று அவனுக்குத் தெரிந்திருக்காது. கேலரியின் நான்காம் படியில் இருந்த எனக்கு அவன் பெயர் முழுவதுமாக, முதலெழுத்தோடு, கேட்டது.