கரும்பலகை இருந்த வகுப்பறைக்கு எத்தனை அங்குல டிவி?

எங்கள் பயிற்சி வகுப்பறையில் கரும்பலகையை எடுத்துவிட்டு டிவி மாட்ட முடிவானதும் எல்லோரும் முதலில் அங்குலத்தைப் பற்றித்தான் பேசினார்கள். "வீட்டில் 55 அங்குலமே சுவரை அடைக்கிறது சார், இங்கே 65 தாராளம்" என்றார் ஒருவர். வீட்டில் நாம் படம் பார்க்கிறோம். வகுப்பில் எழுத்து படிக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே அளவு போதாது. அதனால் கடைக்குப் போவதற்கு முன் ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனேன்.

அறை 8 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். பலகை குறுகிய சுவரில் இருந்தது. அங்கிருந்து கடைசி நாற்காலிக்கு 7.5 மீட்டர். ஒளிக்காட்சித் துறையில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: எழுத்தைச் சிரமமின்றிப் படிக்கவேண்டுமானால், பார்க்கும் தூரத்தை 200 ஆல் வகுத்த அளவுக்காவது எழுத்து உயரமாக இருக்க வேண்டும். 7.5 மீட்டருக்கு அது ஏறக்குறைய 4 செ.மீ. கரும்பலகையில் கை தானாகவே 5 செ.மீ. எழுத்து எழுதிவிடுகிறது, அதனால்தான் இத்தனை காலமும் யாரும் இதைக் கணக்கிடவில்லை. டிவியிலோ எழுத்தின் அளவு திரையின் உயரத்தோடு கட்டுண்டது. வழக்கமான பாடத் திரைகளுக்கு, திரை உயரத்தின் ஆறு மடங்குதான் கடைசி இருக்கைக்கான எல்லை. 65 அங்குலத் திரையின் உயரம் 81 செ.மீ.; எல்லை 5 மீட்டரைக்கூட எட்டவில்லை. 75 அங்குலத்துக்கு 5.6 மீட்டர். 7.5 மீட்டருக்கு 98 அங்குலமே சற்றுக் குறைகிறது.

எண்களைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதால் ஒரு மடிக்கணினியை வைத்துக் காட்டினேன். 65 அங்குலத் திரையை 7.5 மீட்டரிலிருந்து பார்ப்பதும், 15.6 அங்குல மடிக்கணினியை 1.8 மீட்டரிலிருந்து பார்ப்பதும் கண்ணுக்கு ஒன்றே. அங்குலங்களின் விகிதத்தில் தூரத்தையும் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். நாங்கள் அன்றாடம் காட்டும் மதிப்பெண் அட்டவணையையும் ஒரு பாடப் பக்கத்தையும் திறந்து வைத்து, தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு நிற்கச் சொன்னேன். தலைப்பு எல்லோருக்கும் தெரிந்தது. அட்டவணையில் 3-ஐயும் 8-ஐயும் பிரித்துச் சொல்ல ஒருவராலும் முடியவில்லை. தமிழ் எழுத்தில் முதலில் காணாமல் போவது புள்ளிதான். 'க'வும் 'க்'கும் ஒன்றாகிவிடும். ஆகவே சோதிப்பவர்கள் பழகிய வாசகத்தைப் படிக்கச் சொல்லாதீர்கள். பாதியை ஊகித்தே படித்துவிடுவார்கள்.

"அப்படியானால் 4கே வாங்கலாமே" என்ற யோசனையும் வந்தது. 4கே என்றால் திரையில் படப்புள்ளிகள் இன்னும் நுண்ணியவை, அவ்வளவுதான். ஆனால் 65 அங்குல ஃபுல் எச்டி திரையிலேயே ஒரு படப்புள்ளி முக்கால் மில்லிமீட்டர்தான். இரண்டரை மீட்டருக்கு அப்பால் சராசரிக் கண்ணுக்கு அதைத் தனியாகப் பிரித்தறிய இயலாது. பின் வரிசைக்காரருக்கு 4கே எதையும் பெரிதாக்கித் தருவதில்லை.

பிறகுதான் அறையையே திருப்பிப் போடும் எண்ணம் வந்தது. நீண்ட சுவரில் டிவியை வைத்தால் அறையின் ஆழம் 6 மீட்டராகிறது. கடைசி இருக்கை 5.5 மீட்டரில் நிற்கிறது. 75 அங்குலம் போதும்! ஆனால் வரிசைகள் அகலமாகிவிட்டன. முதல் வரிசை 2 மீட்டரில் இருந்ததால் அதன் ஓரத்து நாற்காலிகளிலிருந்து திரையை 60 பாகை சாய்வில் பார்க்க நேர்ந்தது. எழுத்துகள் பாதி அகலத்துக்கு ஒடுங்கித் தெரியும். அந்த ஓர இருக்கைகளை எடுத்து நடுவில் பின்னால் சேர்த்தோம். முன்னால் இருப்பவர் தலை மறைக்காதபடி திரையின் கீழ்விளிம்பை 1.2 மீட்டர் உயரத்தில் வைத்தோம். மேல்விளிம்பு 2.1 மீட்டருக்கு மேல் போகிறது. முதல் வரிசைக்காரர் 27 பாகை அளவுக்கு நிமிர்ந்து பார்க்க வேண்டும். இதற்கு மேல் ஏற்றினால் கழுத்து பொறுக்காது. எதிர்ச்சுவர் ஜன்னல் திரையில் பிரதிபலித்தது, அதற்குத் திரைச்சீலை போட்டோம்.

வந்த டிவி 4கே தான். அந்த அளவில் வேறு வகை கிடைக்கவில்லை. கணினியை இணைத்ததும் எழுத்துகள் எறும்பாகிவிட்டன. காட்சி அமைப்பில் எழுத்தளவு 100 சதவீதத்தில் இருந்தது. 200 ஆக்கியதும் கணக்கிட்ட அளவுக்கு வந்தது. இப்போது எங்கள் பாடத் திரையில் 12 வரிக்கு மேல் வைப்பதில்லை. மதிப்பெண் அட்டவணையை மட்டும் முழுதாகக் காட்ட வழியில்லை. தேவையான சில வரிகளைப் பெரிதாக்கிக் காட்டுகிறோம், முழு அட்டவணை வேண்டுமென்றால் அச்சிட்டுக் கையில் கொடுத்துவிடுகிறோம்.