வினை என்று பார்த்தால் மட்டும் போதாது

கிளிநொச்சிப் பக்கம் குளங்களைப் பற்றி வரும் ஆங்கிலக் கடிதங்களைத் தமிழாக்கிக் கமக்காரர் அமைப்புகளுக்கு அனுப்புவது என் வேலையில் பாதி. காலபோகமோ சிறுபோகமோ, ‘இஷ்யூ’ என்ற சொல் அவற்றில் எப்படியும் வந்துவிடும். இங்கத்தைய நீர்ப்பாசன ஆங்கிலத்தில் ‘வாட்டர் இஷ்யூ’ என்றால் துருசைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விடுவது. அகராதியில் முதலில் கண்ணில் படுகிற ‘பிரச்சினை’யை எடுத்துப் போட்டால், ஏப்ரலில் தண்ணீர்ப் பிரச்சினை ஆரம்பமாகும் என்று அறிவித்தல் போகும், சனம் சிரிக்கும், திருத்திவிடலாம்.

சிரிப்பு வராத பிழைதான் எனக்குப் பயம். மாரியில் வந்த ஒரு பரிசோதனை அறிக்கையில், குளக்கட்டின் வெளிப்புற அடியிலிருந்து தண்ணீர் ‘இஷ்யூ’ ஆகிறது என்று ஒரு வரி இருந்தது. புதிதாகச் சேர்ந்த தங்கச்சி அதை ‘நீர் விநியோகிக்கப்படுகிறது’ என்று எழுதியிருந்தார்.

“அக்கா, வினையெண்டு பாத்துத்தானே எடுத்தனான்?”

பார்த்ததுதான். ஆனால் வினைக்குள்ளேயும் இரண்டு பகுதி இருக்கிறது, செயப்படுபொருளை ஏற்கிறது, ஏற்காதது. நல்ல அகராதியில் ஒவ்வொன்றுக்கும் தனிச் சுருக்கக் குறி உண்டு, அடுத்த குறி வரும்வரை கீழே உள்ள பொருள்கள் எல்லாம் அந்தக் குறிக்கு உரியவை. ஏற்கிற பகுதியில் வழங்கு, விநியோகி, வெளியிடு. ஏற்காத பகுதியில் வெளிவா, பாய். இனி அறிக்கையின் வரிக்கு வருவோம். கொடுப்பவர் யாருமில்லை, வினைக்குப் பின்னால் கொடுக்கப்படும் பொருளுமில்லை, ‘இருந்து’ என்ற பொருளில் ஒரு முன்னிடைச்சொல்தான் நிற்கிறது. ஏற்காத பகுதிக்குக் கீழே இருந்த எடுத்துக்காட்டு, புகைபோக்கியிலிருந்து புகை வெளிவந்தது என்கிற மாதிரி, அச்சொட்டாக அதே அமைப்பு. ஆக, ‘கட்டின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து வெளிவருகிறது’. ‘கசிந்து’ அகராதியில் இல்லை, இடத்தைப் பார்த்து நான் சேர்த்தது.

விநியோகம் என்று வாசிக்கிறவர் யாரோ துருசைத் திறந்திருக்கிறார் என்று பேசாமல் இருந்துவிடுவார். கசிவு என்று வாசிக்கிறவர் போய்ப் பார்ப்பார், தண்ணீர் தெளிவாக வருகிறதா, கலங்கி வருகிறதா என்று. கலங்கி வந்தால் கட்டுக்குள்ளே மண் கரைகிறது, அப்படியே விட்டால் கட்டு உடையவும் கூடும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ‘தண்ணீர் வழங்கப்பட்டது’ என்ற செயப்பாட்டு வாக்கியத்திலும் வினைக்குப் பின்னால் பொருள் இருக்காது, அது எழுவாயின் இடத்துக்கு ஏறிவிட்டது. அதனால் குறியைத் தேடுவதற்கு முன் ஆங்கில வாக்கியத்தைச் செய்வினையாக மாற்றிப் பார்க்க வேண்டும். வழங்கியவர் ஒருவரைப் போட இடமிருந்தால் முதல் பகுதி.

காணி அனுமதிப்பத்திரக் கோப்புகளில் இதே சொல் பெயராக வந்து, ‘இஷ்யூ இல்லாமல் இறந்தார்’ என்று நிற்கும். அங்கே சட்டம் என்ற துறைக்குறி போட்ட பொருளைத்தான் எடுக்க வேண்டும்: பிள்ளைகள், சந்ததி. எடுத்துக்காட்டே இல்லாத சின்ன அகராதியில் இந்தத் துறைக்குறியும் பெரும்பாலும் இருக்காது. அதை நான் எழுத்துக்கூட்டல் பார்க்க மட்டும் வைத்திருக்கிறேன்.