இருபத்தைந்து கிலோ பருப்பு

போன மார்ச்சில் துவரம்பருப்பு ஒரு மூட்டை வாங்கினேன், 25 கிலோ. மளிகைக் கடையில் கிலோ 160 ரூபாய், மண்டியில் 145. மொத்தம் 375 ரூபாய் மிச்சம் என்று சந்தோஷமாகத்தான் தூக்கி வந்தேன்.

எங்கள் வீட்டுச் செலவு மாதம் 2 கிலோ. அதாவது மூட்டை தீர ஒரு வருஷம். மழைக்காலம் வந்தபோது 10 கிலோவுக்கு மேல் மீதி இருந்தது. டிரம்மின் அடியில் மாவு போல் தூள் தெரிந்தது. அது தெரிந்தால் வண்டு வந்து சில வாரம் ஆகிவிட்டது என்று அர்த்தம். வெயிலில் காயப்போட்டுப் புடைத்தும் 2 கிலோ வீணாகிப்போயிற்று. அதிலேயே 290 ரூபாய் போயிற்று.

அப்புறம் பணம். மூட்டைக்குக் கொடுத்தது 3,625. கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்வதால், சராசரியாகப் பாதி, சுமார் 1,800 ரூபாய், வருஷம் முழுதும் டிரம்முக்குள் கிடந்தது. அப்போது எனக்கு 12 சதவீத வட்டியில் நகைக்கடன் இருந்தது. அதை அடைத்திருந்தால் ஏறக்குறைய 220 ரூபாய் வட்டி மிஞ்சியிருக்கும். ஆக, லாபம் 375, இழப்பு 510.

இந்த வருஷம் அதே மூட்டையை அக்கா, தங்கை, பக்கத்து வீடுகள் இரண்டு என்று ஐந்து பங்காகப் பிரித்தோம். ஆளுக்கு 5 கிலோ. எங்களுக்கு இரண்டரை மாதத்தில் தீர்ந்துவிட்டது, வண்டுக்கு நேரமே இல்லை. வட்டிக் கணக்கு 10 ரூபாய்கூட வரவில்லை. 5 கிலோவுக்கு விலையில் மிச்சம் 75, வட்டி போகக் கையில் நின்றது சுமார் 65 ரூபாய். சின்னத் தொகைதான், ஆனால் நிஜமான மிச்சம்.